இளைத்த இதயமும் தண்ணீர்க் கணக்கும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



சங்கச் செயலாளர் எங்களிடம் "ஏதாவது சுகாதாரத் தலைப்பில் பேசுங்கோ" என்று கேட்டபோது, எதைப் பேசுவது என்று யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. எங்கள் வகுப்புத் தோழிகளில் பாதிப்பேர் இப்போது கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாமார் ஊர்காவற்றுறையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் தனியாக இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மூன்று தடவை அந்தத் தோழிகளிடமிருந்து ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்பு வரும். "அம்மாவுக்குக் கால் வீங்குதாம். படுக்க ஏலாமல் மூச்சு வாங்குதாம். ஆஸ்பத்திரியிலே தண்ணி போற குளிசை குடுத்திருக்கினம். காலுக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு? தண்ணி போற குளிசை நெஞ்சு வருத்தத்துக்கு எதுக்கு?"

நல்ல கேள்வி. அதற்கு முழுப் பதில் சொல்ல ஐந்து நிமிடத் தொலைபேசி போதாது. இன்று அரை மணித்தியாலம் கிடைத்திருக்கிறது.

இந்த வருத்தத்தை நாங்கள் இதயச் செயலிழப்பு என்கிறோம். இந்தப் பெயரே பலரைப் பயமுறுத்தி விடுகிறது. இதயம் நின்று போகப்போகிறது என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. இதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் தள்ள வேண்டிய அளவைத் தள்ளுவதில்லை. யாழ்ப்பாணத்தார் வழக்கில் சொன்னால், இதயம் இளைத்துப் போயிற்று.

எவ்வளவு தள்ள வேண்டும்? சும்மா இருக்கும்போது ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர் இரத்தம். இடது பக்கத்துக் கீழறை நிரம்பி நிற்கும்போது அதில் ஏறக்குறைய 120 மில்லிலீற்றர் இருக்கும். ஒரு துடிப்பில் அதில் 70 வெளியே போகும். நிரம்பியதில் எத்தனை வீதம் வெளியே போகிறது என்பதைத்தான் எக்கோ ஸ்கானில் அளக்கிறார்கள். நல்ல இதயத்தில் அது 55, 60 வீதம். மாரடைப்பு வந்து தசையின் ஒரு பகுதி செத்துப் போனவருக்கோ, பல வருடம் பிறசரைக் கவனியாமல் விட்டவருக்கோ அது 30 ஆகவும் 25 ஆகவும் இறங்கியிருக்கும். கிளினிக் கொப்பியில் அந்த எண்ணை எழுதியிருப்பார்கள், தேடிப் பாருங்கள். (எண் சரியாக இருந்தும், இதயத் தசை தடித்து விறைத்து, நிரம்ப முடியாமல் போகும் வகையும் உண்டு. வயது போன, பிறசரும் நீரிழிவும் உள்ள பெண்களுக்கு அது அதிகம். இன்று சொல்லப்போகும் தண்ணீர்க் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும்.)

இதயம் ஒரு பம்ப் அல்ல, இரண்டு பம்ப். வலது பக்கம் உடம்பிலிருந்து வரும் இரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்பும். இடது பக்கம் நுரையீரலிலிருந்து வருவதை வாங்கி உடம்புக்கு அனுப்பும். ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே வட்டத்தில். கிணற்றிலிருந்து தொட்டிக்கு ஒரு மோட்டர், தொட்டியிலிருந்து தோட்டத்துக்கு இன்னொரு மோட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மோட்டர் இளைத்தால் தோட்டம் காயும். அதேநேரம் தொட்டி வழியும். இடது இதயம் இளைத்தால் நடப்பது அதுதான். தோட்டம் காய்வதைக் களைப்பு என்கிறோம். தொட்டி வழிவதை மூச்சு வாங்குவது என்கிறோம். அந்தத் தொட்டி நுரையீரல்.

நுரையீரலில் இரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. காற்றுப் பைகளை ஒட்டியே ஓடுகின்றன. இடது பக்கம் தேங்க, இந்தக் குழாய்களுக்குள் அழுத்தம் ஏறும். ஓர் அளவைத் தாண்டினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயிலிருந்து கசிந்து, முதலில் காற்றுப் பைகளின் சுவரிலும், பிறகு பைகளுக்குள்ளேயும் ஊறும். நனைந்த பஞ்சைப் பிசைவதும் காய்ந்த பஞ்சைப் பிசைவதும் ஒன்றல்லவே. ஈரமான நுரையீரலை விரிக்கக் கூடப் பலம் வேண்டும். ஒட்சிசன் உள்ளே போகவும் தடை. ஆகவேதான் மூச்சு வாங்குகிறது.

காலுக்கு வருவோம். இடது பக்கத்தில் தேங்கியதைத் தள்ளித் தள்ளி வலது பக்கமும் களைத்துப் போகும். அப்போது உடம்பு முழுவதிலிருந்தும் திரும்பி வரும் இரத்தம் இதயத்துக்குள் நுழைய வரிசையில் நிற்கும். நாள் முழுக்க நின்று நடந்து திரிபவருக்கு எடை எல்லாம் காலில். அழுத்தமும் அங்கேதான் கூட. குழாயிலிருந்து நீர் கசிந்து கணுக்காலைச் சுற்றித் தங்கும். பெருவிரலால் முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பின் மேல் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுந்து நிற்கும். படுக்கையிலேயே கிடப்பவருக்குக் காலில் அல்ல, நாரிப் பக்கம் குழி விழும். அதைப் பார்க்காமல் "கால் வீக்கம் இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது.

இதுவரை சொன்னது பாதிக் கதைதான். பம்ப் இளைத்தால் தேங்கும், சரி. ஆனால் தேங்குவதற்கு இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதயச் செயலிழப்பு முற்றி வருபவரின் உடம்பில் மூன்று, ஐந்து, சிலவேளை பத்து லீற்றர் கூடுதல் நீர் இருக்கும். அது இதயத்தின் வேலை அல்ல. சிறுநீரகத்தின் வேலை. இந்த இடத்தைத்தான் எங்கள் மாணவர்களுக்கும் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

இதயம் தள்ளும் 5 லீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு நேரே சிறுநீரகங்களுக்குப் போகிறது. அங்கே ஒரு நாளைக்குச் சுமார் 180 லீற்றர் நீர் வடிகட்டப்பட்டு, அதில் ஒன்றரை, இரண்டு லீற்றர் தவிர மிச்சமெல்லாம் உடம்புக்குத் திருப்பி எடுக்கப்படுகிறது. எவ்வளவு திருப்பி எடுப்பது என்று சிறுநீரகம் எப்படித் தீர்மானிக்கிறது? உடம்பில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க அதற்குக் கண் இல்லை. தனக்கு வரும் இரத்தம் எவ்வளவு வேகமாக, எவ்வளவு அழுத்தத்தோடு வருகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். வரத்துக் குறைந்தால் அது ஒரே முடிவுக்குத்தான் வரும்: ஆள் காயப்பட்டு இரத்தம் போகிறது, அல்லது வயிற்றோட்டத்தில் காய்ந்து போகிறார். உடனே ரெனின் என்ற சுரப்பை விடும். அது அஞ்சியோரென்சினை எழுப்பும். அது அல்டோஸ்ரெரோனை எழுப்பும். எல்லாம் சேர்ந்து "உப்பைப் பிடி, விடாதே" என்று உத்தரவு போடும். உப்பு நின்றால் தண்ணீரும் கூடவே நிற்கும். தாகமும் எடுக்கும்.

வெயிலில் வேலை செய்து வியர்த்துப் போனவனை இந்த ஏற்பாடு காப்பாற்றும். பிள்ளைப்பேற்றில் இரத்தம் போன தாயைக் காப்பாற்றும். இதயம் இளைத்தவருக்கு அதுவே எதிரி. கால் இரண்டும் தண்ணீரால் வீங்கிக் கிடக்க, நுரையீரல் நனைந்து கிடக்க, சிறுநீரகம் மட்டும் "காய்ந்து போனேன்" என்று இன்னும் உப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும். சேர்க்கச் சேர்க்கத் தேக்கம் கூடும். எங்கள் அம்மாமார் "நான் தண்ணியே குடிக்கிறேல்லை, எப்பிடி வீங்குது?" என்று கேட்கிறார்கள். குடித்ததால் அல்ல, போக வேண்டியது போகாததால்.

உப்புக்கும் தண்ணீருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். உடம்பில் தங்கும் ஒவ்வொரு லீற்றர் நீரும் 8, 9 கிராம் உப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. திருப்பிச் சொன்னால், வெளியே போகாமல் உள்ளே நின்ற ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு ஒரு லீற்றர் தண்ணீரைக் கட்டி வைக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு என்கிறது. எங்கள் தீவுகளில் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் இல்லாத வீடு ஏது? ஒடியற்கூழ் இன்னும் விசேஷம்: கருவாட்டின் உப்பும் ஒரு சட்டி தண்ணீரும் ஒரே கோப்பையில். (கூழ் வேண்டாம் என்று எந்த ஆச்சிக்கும் சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. பச்சை மீன் போட்டு, உப்பைக் குறைத்து, அரைக் கோப்பை என்று பேரம் பேசுவோம்.) உவர்க் கிணற்றுத் தண்ணீரில் சமைப்பவர்கள் அந்த உப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தண்ணீர் போகிற குளிசை இந்தச் சிறுநீரகத்தின் தவறான தீர்மானத்தில்தான் கைவைக்கிறது. நாங்கள் அதிகம் கொடுப்பது புரூசமைட். லாசிக்ஸ் என்று சிலர் அறிவார்கள். வடிகட்டிய உப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைத் திருப்பி எடுக்கும் ஒரு வளைந்த குழாய் சிறுநீரகத்தில் உண்டு. புரூசமைட் அந்த இடத்து வாசலை அடைத்துவிடும். திருப்பி எடுக்க முடியாத உப்பு, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு சலத்தோடு வெளியே போகும். இரத்தத்தின் அளவு சற்றுக் குறைய, குழாய்களின் அழுத்தம் இறங்கும். கசிந்து கிடந்த நீர் மெல்லத் திரும்பக் குழாய்க்குள் வரும். அதுவும் சலமாகப் போகும். நுரையீரல் காயும், கால் வடியும்.

இந்தக் குளிசைகளுக்கு முன்பு என்ன செய்தார்கள் என்று இளம் வைத்தியர்கள் கேட்பதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீங்கிய காலில் மெல்லிய குழாய் ஊசிகளைக் குத்திச் சொட்டுச் சொட்டாக வடிய விட்டார்கள். பிறகு 1919இல் வியன்னாவில் ஒரு சம்பவம். அல்பிரட் வோக்ல் என்ற மருத்துவ மாணவர், வேறொரு நோய்க்காக ஓர் இளம் பெண்ணுக்குப் பாதரசம் கலந்த ஊசி எழுதிக் கொடுத்தார். வாட்டுத் தாதியர் சல அளவைக் கவனமாகக் குறித்து வைத்திருந்தார்கள். ஊசி போட்ட நாட்களில் மட்டும் அந்த அளவு மலைபோல் ஏறியிருந்ததை அந்தக் குறிப்பில்தான் அவர் கண்டார். அப்படித்தான் முதலாவது பலமான நீர்போக்கி கிடைத்தது. பாதரசம் நஞ்சு, ஆனாலும் 1960களில் புரூசமைட் வரும் வரைக்கும் அதன் வழிவந்த மருந்துகளே உலகம் முழுவதும் இதய நோயாளரைக் காப்பாற்றின. அந்தத் தாதியர் எழுதிய குறிப்பு இல்லாவிட்டால் எல்லாம் தவறிப்போயிருக்கும்.

இந்தக் குளிசையின் குணங்கள் மூன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில் நடக்கும் குழப்பங்கள் பெரும்பாலும் இவற்றைத் தெரியாததால் வருகின்றன.

ஒன்று, அது ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் வேலை செய்யும், பிறகு ஓயும். ஓய்ந்த பிறகு சிறுநீரகம் சும்மா இராது. இழந்த உப்பைப் பிடித்து வைக்க முழு மூச்சில் இறங்கும். காலையில் குளிசை போட்டு இரண்டு லீற்றர் சலம் போனவர் இரவில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால், போன உப்பு முழுவதும் விடியுமுன் திரும்ப வந்துவிடும். "குளிசை வேலை செய்யுதில்லை" என்பவர்களில் பலருக்குக் குளிசை நன்றாகவே வேலை செய்கிறது.

இரண்டு, அது படி தாண்டுகிற மருந்து. ஒருவருக்கு 40 மில்லிகிராம் வேண்டியிருந்தால், அதைப் பாதியாக முறித்து 20 போட்டால் பாதி வேலை நடக்கும் என்று நினைக்காதீர்கள். படியைத் தாண்டாவிட்டால் ஒன்றுமே நடக்காமல் போகலாம். குளிசை போட்டு ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் வழக்கத்தைவிட அதிகம் சலம் போகிறதா என்று கேளுங்கள். போகவில்லையென்றால் அளவு காணாது. அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மூன்று, குடல் வீங்கியிருந்தால் குளிசை இரத்தத்தில் சேர நேரமெடுக்கும். தேக்கம் கூடும்போது குடலிலும் நீர் கோர்க்கும். அப்போது வீட்டில் குளிசையைக் கூட்டிக் கூட்டிப் போட்டும் பயன் வராமல், வாட்டில் ஒரு ஊசியில் பலன் தெரியும். வாட்டில் மறிக்கிறோம் என்றால் காரணம் அதுதான்.

இனி ஒருவரின் கதையைச் சொல்லுகிறோம். உண்மையில் இரண்டு மூன்று பேரின் கதையை ஒன்றாக்கியது, ஆளைத் தேடாதீர்கள். நெடுந்தீவில் ஓர் அம்மா. வயது 68. ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பு. எக்கோவில் 30 வீதம். காலையில் புரூசமைட் 40 மில்லிகிராம், அதோடு வேறு மூன்று குளிசைகள். வீக்கம் இல்லாத நேரத்து எடை 52 கிலோ, கொப்பியில் எழுதியிருந்தது. நன்றாகத்தான் இருந்தார்.

நல்லூர்த் திருவிழாக் காலம். மகள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம். சோழகக் காற்றில் படகு ஆடும். இறங்கிப் பஸ் ஏறிப் புங்குடுதீவு, வேலணை தாண்டிப் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய்ச் சேர இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். வழியில் சலம் போக வசதி இல்லை. ஒரு பெண், வயது போனவர், என்ன செய்வார்? பயண நாட்களில் காலைக் குளிசையை விட்டுவிட்டார். இரண்டு வாரத்தில் ஐந்து நாள். இதைக் கேட்காமல் எந்த வைத்தியரும் கண்டுபிடிக்க முடியாது. கேட்டாலும் வெட்கத்தில் சொல்ல மாட்டார்கள்.

அலைச்சலில் முழங்கால் நோ. யாரோ சொல்லி மருந்துக் கடையில் டைக்ளோபெனக் வாங்கிப் போட்டார். இந்த வகை நோக் குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து, உப்பைப் பிடிக்க வைத்து, புரூசமைட்டின் பலனையும் மழுங்கச் செய்யும். மூன்றும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? போதாததற்கு விரதச் சாப்பாட்டில் அப்பளமும் மோர்மிளகாயும் ஊறுகாயும்.

முதல் அறிகுறி செருப்பு. வார் இறுகுகிறது என்று புதுச் செருப்பு வாங்கினார்கள். நாலு நாள் கழித்து இரவில் இரண்டு தலையணை கேட்டார். பிறகு மூன்று. பிறகு சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே நித்திரை. படுத்தால் காலில் நின்ற நீர் திரும்ப நெஞ்சுக்கு வரும். இளைத்த இதயம் அதைத் தள்ளமாட்டாமல் நுரையீரலில் விட்டுவிடும். ஆகவேதான் படுத்து ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் திடுக்கிட்டு எழும்பி, யன்னலைத் திறந்து காற்றுக்கு நிற்பது. இருமலும் இழுப்புச் சத்தமும் இருந்ததால் வீட்டில் முட்டு என்று நினைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பம்பை வாங்கி அடித்தார்கள். அது நெஞ்சடிப்பைக் கூட்டியதுதான் மிச்சம். நனைந்த நுரையீரலும் இழுக்கும். இழுப்பெல்லாம் முட்டு அல்ல. அறுபது வயதுக்குப் பிறகு புதிதாக முட்டு வந்தது என்று யாராவது சொன்னால், முதலில் இதயத்தைச் சந்தேகியுங்கள்.

ஒருநாள் பின்னிரவில் பேச முடியாத நிலை. நெடுந்தீவு வைத்தியசாலையில் நிமிர்த்தி இருத்தி, ஒட்சிசன் கொடுத்து, முதல் ஊசி போட்டு, விடியப் படகில் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் நிறுத்துப் பார்த்தபோது எடை 55.5 கிலோ. மூன்றரைக் கிலோ கூட. இரண்டு வாரத்தில் யாருக்கும் மூன்றரைக் கிலோ சதை வைக்காது. மூன்றரை லீற்றர் தண்ணீர், கிட்டத்தட்ட 30 கிராம் உப்பு. தேக்கரண்டிக் கணக்கில் ஐந்து. அவ்வளவுதான் அவரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோனது.

வாட்டில் புரூசமைட் 40 மில்லிகிராம் நாளத்தில் ஏற்றினார்கள். இரண்டு மணித்தியாலத்தில் சலம் 150 மில்லிலீற்றர் மட்டும். படியைத் தாண்டவில்லை. 80 கொடுத்தார்கள். அடுத்த ஆறு மணித்தியாலத்தில் ஒரு லீற்றருக்கு மேல். அன்று இரவு இரண்டு தலையணையில் நித்திரை கொண்டார். நாளுக்கு ஒரு கிலோ அளவில் இறங்கி நாலாம் நாள் 52.3. ஒவ்வொரு நாளும் இரத்தத்தில் பொட்டாசியமும் கிரியற்றினினும் பார்த்தார்கள். ஏனென்றால் உப்போடு பொட்டாசியமும் போய்விடும், அது குறைந்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும்; தண்ணீரை அளவுக்கு மேல் இறைத்தால் சிறுநீரகம் உண்மையாகவே காய்ந்துவிடும்.

வீடு போகும்போது அவருக்குச் சொன்னவை அதிகமில்லை. ஒரு தராசு வாங்க வேண்டும். காலையில் எழும்பிச் சலம் போன பிறகு, சாப்பிட முன், ஒரே மாதிரி உடுப்போடு நிறுத்துக் கலண்டரில் எழுத வேண்டும். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினால் வீக்கத்துக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்கு. கால் வீங்குவது தெரியுமுன்னரே தராசு சொல்லிவிடும். பயண நாளில் குளிசையை விடக் கூடாது, நேரத்தை மாற்றலாம்: போய்ச் சேர்ந்த பிறகு மத்தியானம் போடலாம், பின்னேரம் நாலு மணியைத் தாண்டாமல். இல்லாவிட்டால் இரவெல்லாம் எழும்பி, இருட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறியும். முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனக், இபுபுரூபன் வேண்டாம். பரசிற்றமோல் போதும், அதுவும் தண்ணீரில் கரைத்து நுரைக்கும் வகை வேண்டாம், அதில் உப்பு அதிகம். வயிற்றோட்டம், வாந்தி வந்து உண்மையாகவே காய்ந்து போனால் நீர்க்குளிசையை நிறுத்துவதா என்று அன்றே கேட்க வேண்டும். எழும்பி நிற்கத் தலை சுற்றுவது, நாக்குக் காய்வது, எடை 52க்கும் கீழே இறங்கிக்கொண்டு போவது எல்லாம் அளவு கூடிவிட்டது என்பதற்கு அடையாளம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கடலில் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறினால் வாளியால் இறைப்பார்கள். இறைக்காவிட்டால் தாழும். ஆனால் இறைப்பதால் ஓட்டை அடைபடாது. புரூசமைட் அந்த வாளி. மூச்சை இலேசாக்கும், காலை வடியச் செய்யும். இளைத்த தசையைத் திருத்தாது. அந்த அம்மாவின் மற்ற மூன்று குளிசைகள் வேறு வேலைக்கானவை: எனலாபிரில் அல்லது லோசாட்டன் வகை, பிசோபுரோலோல் அல்லது காவெடிலோல் வகை, ஸ்பைரோனோலக்ரோன். சிறுநீரகம் போடும் அந்தப் பிழையான உத்தரவுகளை இடையில் மறித்து, ஓய்வில்லாமல் அடிபடும் இதயத்தைச் சற்று ஆற விட்டு, ஆயுளைக் கூட்டுபவை இவைதான். நீரிழிவுக்கென்று வந்த டபக்ளிபுளோசின் வகையும் இப்போது இந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது, நீரிழிவு இல்லாதவர்களுக்கும். இவற்றைப் போட்டால் உடனே ஒன்றும் தெரியாது. அதனால் கால் வடிந்ததும் இவற்றை நிறுத்திவிட்டு, பலன் கண்ணுக்குத் தெரியும் நீர்க்குளிசையை மட்டும் போடுபவர்கள் நிறைய. அது தலைகீழ். ஸ்பைரோனோலக்ரோனும் ஒரு நீர்க்குளிசைதான், ஆனால் அது பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். லோசாட்டனும் அதோடு சேர்ந்து, சிறுநீரகமும் சற்றுப் பழுதாக இருந்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். ஆகவே "உடம்புக்கு நல்லது" என்று அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் இளநீர் வெட்டிக் கொடுக்காதீர்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய. கடைகளில் விற்கும் உப்புக்குப் பதிலான உப்பும் அப்படித்தான். அது பொட்டாசிய உப்பு.

வீங்கிய கால் எல்லாம் இதயம் அல்ல என்பதையும் சொல்லாவிட்டால் நாளைக்கே இருபது பேர் பயந்து வருவார்கள். பிறசருக்குப் போடும் அம்லோடிபின் மட்டுமே பலருக்குக் கணுக்காலை வீங்கச் செய்யும். அவர்களுக்கு மூச்சு வாங்காது, எடையும் அதிகம் ஏறாது. அதற்கு நீர்க்குளிசை மருந்தல்ல. ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் இரத்தக் கட்டியைச் சந்தேகிக்க வேண்டும், அன்றே காட்ட வேண்டும். ஈரல், சிறுநீரக வருத்தங்களிலும் கால் வீங்கும். முகம் காலையில் ஊதியிருந்தால் சலத்தைச் சோதியுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் தோழிகள் இந்த மலரை வாசிக்கும்போது, அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசி எடுக்கையில் "அம்மா சுகமோ?" என்று கேட்டால் "ஓம் பிள்ளை, சுகம்" என்ற பதில்தான் வரும். அம்மாமார் பிள்ளைகளைப் பயப்படுத்த மாட்டார்கள். ஆகவே வேறு கேள்வி கேளுங்கள். நேற்றிரவு எத்தனை தலையணை? இரவில் மூச்சு முட்டி எழும்பினீங்களோ? செருப்பு இறுக்கமோ? இன்றைக்கு எடை எவ்வளவு, போன ஞாயிறு எவ்வளவு? பேசும்போது ஒரு வசனம் முடியுமுன் மூச்சு எடுக்கிறாரா என்று காது கொடுங்கள். வீடியோவில் என்றால் முன்காலை அழுத்தி, குழியைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று தலையணைக்குப் போய்விட்டார் என்று கேட்டால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்று பகலில், படகு ஓடும் நேரத்திலேயே, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பிடித்து அனுப்புங்கள். சோழகம் பெயர்ந்த இரவில் நெடுந்தீவிலிருந்து யாரையும் கொண்டுவருவது சுலபமல்ல என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தராசு யாழ்ப்பாணத்துக் கடைகளிலேயே வாங்கலாம். எண் பெரிதாகத் தெரிகிறதைப் பார்த்து வாங்குங்கள். அம்மாமாருக்குக் குனிந்து சின்ன எழுத்து வாசிக்க ஏலாது.